20 மி.மீ. பிளேட்டை எந்த வழியில் உருட்டுவது? மணி அளவை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு பிளேட் மில்லுக்கு ஆர்டர் வருகிறது. 20 மி.மீ. தடிமன், 355 மெகாபாஸ்கல் ஈல்டு வலிமை, உறைநிலைக்குக் கீழேயும் உடையாமல் தாங்க வேண்டும். வலிமையையும் உடையாத்தன்மையையும் ஒரே நேரத்தில் உயர்த்துவது ஒன்றுதான்: எஃகுக்குள் இருக்கும் படிகமணிகளைச் சிறிதாக்குவது. அதைச் செய்ய மூன்று வழிகள் பேச்சில் அடிபடும். சூடாகவே உருட்டி, ரோல் இடுக்கு வழியே போகும் ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் மணிகளைப் புதிதாக முளைக்க விடுவது முதல் வழி. நையோபியம் சேர்த்து, பாதியில் பிளேட்டை ஆறவைத்து, மணிகள் முளைக்க முடியாத வெப்பநிலையில் நசுக்குவது இரண்டாவது. ரோலுக்கு அடியிலேயே, நசுங்கும்போதே மணிகளை முளைக்க வைப்பது மூன்றாவது. பாடப்புத்தகத்தில் அதிகப் பக்கம் மூன்றாவதற்குத்தான். பிளேட் மில்லில் அது கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது. ஏன் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

ரோல் இடுக்கில் எஃகு நசுங்கும்போது அதற்குள் டிஸ்லொகேஷன்கள் குவிகின்றன. படிக அடுக்கில் ஏற்படும் கோட்டுக் குறைகள் இவை. சேர்ந்துகொண்டே போனால் உலோகம் கடினமாகும். சூடாக இருப்பதால் இன்னொரு வேலையும் கூடவே நடக்கும்: எதிரெதிர் டிஸ்லொகேஷன்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மிச்சம் வரிசையாக அடுக்கிக்கொண்டு மணிக்குள் சிறுசிறு அறைகளை உண்டாக்கும். இதுதான் டைனமிக் மீட்சி. அலுமினியத்தில் இது வெகு வேகம். குவிகிற வேகத்துக்கே அழிவும் நடப்பதால் புதிய மணி முளைக்கத் தேவையான ஆற்றல் அங்கே சேருவதே இல்லை. சிவப்புச் சூட்டில் எஃகு இருக்கும் ஆஸ்டெனைட் நிலையில் கதை வேறு. அங்கே மீட்சி மந்தம், ஆற்றல் தேங்குகிறது. தேக்கம் ஓர் எல்லையைத் தாண்டினால், உருட்டிக்கொண்டிருக்கும்போதே மணி எல்லைகளில் டிஸ்லொகேஷன் இல்லாத புது மணிகள் முளைக்கும். இது டைனமிக் மறுபடிகமாதல்.

வெப்பநிலையும், உலோகம் எவ்வளவு வேகமாக நசுங்குகிறது என்ற திரிபு வீதமும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும் என்பதை 1944-இல் ஜீனரும் ஹோலமனும் ஒரே எண்ணில் அடக்கினார்கள். மெதுவாக, குளிராக உருட்டுவதும் வேகமாக, சூடாக உருட்டுவதும் உலோகத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். ஷெஃபீல்டின் செல்லர்ஸ் குழு கார்பன்-மாங்கனீசு எஃகுக்குக் கொடுத்த எண்களோடு எழுதினால்:

```
Z      = rate * exp(312000 / (8.314*T))     # T கெல்வினில்
eps_p  = 6.97e-4 * d0^0.3 * Z^0.17          # எதிர்ப்பு உச்சம் தொடும் திரிபு; d0 பழைய மணி அளவு, மைக்ரானில்
eps_c  = 0.8 * eps_p                        # முளைவு தொடங்கும் திரிபு
d_dyn  = 1800 * Z^-0.15                     # மைக்ரானில்
```

கடைசி வரியில் பாருங்கள், மணி அளவில் முந்தைய மணி அளவும் இல்லை, எவ்வளவு நசுக்கினோம் என்பதும் இல்லை. Z மட்டும்தான். 1050 டிகிரியிலிருந்து 950-க்கு இறங்கினால் Z ஏறத்தாழ 10 மடங்காகும். திரிபு வீதத்தை 10 மடங்காக்கினாலும் அதே விளைவு. இரண்டிலும் மணி சுமார் 30 சதவீதம் சிறிதாகும். "குளிராக, வேகமாக உருட்டினால் மணி நுண்ணியதாகும்" என்று எல்லோரும் சொல்வது இந்த வரியிலிருந்து வருகிறது. அது உண்மைதான், ஆனால் முளைவு தொடங்கினால்தான்.

தொடங்குகிறதா என்று ஒரு பாஸைப் போட்டுப் பார்ப்போம். ரோல் ஆரம் 500 மி.மீ., வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், பிளேட் 100 மி.மீ.யிலிருந்து 85-க்கு, வெப்பநிலை 1050 டிகிரி, மணி அளவு 100 மைக்ரான். தொடுநீளம் 500-ஐயும் 15-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 87 மி.மீ. அதைக் கடக்க 0.035 நொடி. திரிபு 1.155 × ln(100/85), அதாவது 0.19. வீதம் நொடிக்கு 5.4. Z சுமார் 1.1 × 10^13. தொடங்கத் தேவையான திரிபு 0.37 என்று வருகிறது. நம்மிடம் இருப்பது அதில் பாதி. இதே பாஸை 950-இல் செய்தால் தேவை 0.54-க்குப் போய்விடும். குளிரில் கிடைக்கும் டைனமிக் மணி அழகாகச் சிறியது, ஆனால் குளிரில் அது பிறப்பதே கடினம். ஒரே பாஸில் 0.37 திரிபு வேண்டுமானால் தடிமனை 27 சதவீதம் குறைக்க வேண்டும். அகலமான பிளேட்டில் எந்த மோட்டாரும் அதற்குச் சம்மதிக்காது.

ஆக பிளேட் மில்லில் ரோலுக்கு அடியில் நடப்பது மீட்சி மட்டும். மறுபடிகமாதல் நடப்பது பாஸுக்கும் பாஸுக்கும் நடுவில், பிளேட் ரோலர்மேடையில் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும் 8, 10 நொடியில். இதை ஸ்டாட்டிக் மறுபடிகமாதல் என்பார்கள். இதன் கணக்கு முற்றிலும் வேறு:

```
t50   = 2.5e-19 * d0^2 * eps^-4 * exp(300000 / (8.314*T))
X     = 1 - exp(-0.693 * (t/t50)^2)         # t நொடியில் முளைத்த பங்கு
d_rex = 0.5 * d0^0.67 / eps
```

இங்கே மணி அளவு வரியில் வெப்பநிலையையும் காணோம், வீதத்தையும் காணோம். ரோல் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் மணி அசையாது. மணியைத் தீர்மானிப்பது ஒரு பாஸின் திரிபும் பழைய மணி அளவும்தான். அப்படியென்றால் வெப்பநிலைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது முதல் வரியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மேலே சொன்ன அதே பாஸுக்கு, பாதி மணிகள் முளைக்க 1050 டிகிரியில் 1.4 நொடி, 1000-இல் 4 நொடி, 950-இல் 13 நொடி. 8 நொடி இடைவெளியில் 1050-இல் முழுதாக முடிந்துவிடும். 950-இல் கால்வாசிகூட ஆகாது. பிளேட் மில்லில் வெப்பநிலை செய்வது மணியைச் சிறிதாக்குவது அல்ல, முளைக்க நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்வதுதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்தது.

முதல் வழியை எடுப்போம், சூட்டிலேயே திரும்பத் திரும்ப முளைக்க விடுவது. 100 மைக்ரானில் தொடங்கி 100-85-72-60 மி.மீ. என்று மூன்று பாஸ் போனால் மணி 58, 40, 28 மைக்ரான் என்று இறங்கும். நன்றாக இருக்கிறதே, இப்படியே பத்துப் பாஸ் போட்டால் 5 மைக்ரானுக்குப் போய்விடலாமே என்று தோன்றும். முடியாது. d_rex வரியில் புது மணியும் பழைய மணியும் சமமாகும் ஒரு புள்ளி இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை பாஸ் போட்டாலும் இறங்காது. ஒவ்வொரு பாஸிலும் 17 சதவீதம் குறைத்தால், திரிபு 0.21, அந்தத் தரை 14 மைக்ரானில் இருக்கிறது. 12 சதவீதம் மட்டும் குறைத்தால், திரிபு 0.15, தரை 38 மைக்ரானில் நின்றுவிடும். 5 சதவீதப் புள்ளி வித்தியாசம் மணியை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. மோட்டாருக்கு நோகாமல் லேசான பாஸ்களை எண்ணிக்கையில் கூட்டுவது பல மில்களில் பழக்கம். நுண்ணிய மணி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அப்படி உருட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

இந்த வழிக்கு இன்னொரு எதிரி மணி வளர்ச்சி. முளைத்து முடிந்த மணிகள் சும்மா இருக்காது, சூட்டில் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். அதைத் தடுக்க 0.01 சதவீதத்தை ஒட்டி டைட்டானியம் சேர்ப்பார்கள். நைட்ரஜனோடு சேர்ந்து அது மிக நுண்ணிய டைட்டானியம் நைட்ரைடு துகள்களாகி மணி எல்லைகளைப் பிடித்துக்கொள்ளும். கூடவே வனேடியம் போடுவார்கள். அது உருட்டும்போது கரைந்தே கிடந்து, மறுபடிகமாதலைப் பெரிதாகத் தடுக்காது. பிளேட் ஆறியபிறகு வீழ்படிவாகி வலிமை கொடுக்கும். அளவு மீறி டைட்டானியம் போட்டால் துகள்கள் வார்ப்பின்போதே பெருத்துவிடும். பெருத்த துகள் எல்லையைப் பிடிக்காது, விரிசலுக்குத்தான் இடம் கொடுக்கும்.

இரண்டாவது வழியில் நையோபியம் நேர் எதிரான வேலையைச் செய்கிறது. கரைந்திருக்கும்போது மணி எல்லைகளை இழுத்து மெதுவாக்கும். வெப்பநிலை இறங்கும்போது டிஸ்லொகேஷன்களின் மேலேயே நையோபியம் கார்போநைட்ரைடு படிந்து, முளைவை அடியோடு நிறுத்திவிடும். எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பதற்கு 1988-இல் போராட்டோவும் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஜோனஸ் குழுவும் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

```
Tnr = 887 + 464*C + (6445*Nb - 644*sqrt(Nb)) + (732*V - 230*sqrt(V))
      + 890*Ti + 363*Al - 357*Si          # எடை சதவீதம், டிகிரி C
```

கார்பன் 0.10, நையோபியம் 0.035, டைட்டானியம் 0.012, அலுமினியம் 0.03, சிலிக்கன் 0.25 என்று போட்டால் சுமார் 970 டிகிரி வருகிறது. எனவே 60 மி.மீ. வரை சூட்டில் உருட்டி 28 மைக்ரான் மணியை வாங்கிக்கொண்டு, பிளேட்டைச் சில நிமிடம் ஆறப் போட்டு, 900-ஐ ஒட்டி மறுபடி தொடங்கி 820 போல முடிப்பது வழக்கம். 60-லிருந்து 20-க்கு வரும் 1.27 திரிபும் அழியாமல் உள்ளேயே சேர்கிறது. மணிகள் முளைக்காமல் தோசை போலத் தட்டையாகிவிடும். அவற்றின் எல்லைகளிலும் உள்ளிருக்கும் உருக்குலைவுப் பட்டைகளிலும், ஆறும்போது ஆஸ்டெனைட் மாறி உண்டாகும் ஃபெரைட் நூறு இடத்தில் பிறக்கும். எல்லையின் மொத்தப் பரப்பைக் கூட்டுவதுதான் இங்கே நோக்கம், ஆஸ்டெனைட் மணியைச் சிறிதாக்குவது அல்ல.

உலையிலேயே நையோபியம் முழுதாகக் கரைய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மேலே சொன்ன கலவைக்கு 1170 டிகிரியாவது தேவை. ஸ்லாப் அதற்குக் குறைவாகச் சூடாகி வெளியே வந்தால், காசு கொடுத்து வாங்கிய நையோபியம் பெரிய துகளாக உள்ளேயே தூங்கும், Tnr-உம் கணக்கை விடக் கீழே இருக்கும்.

சரி, ஒப்பிடுவோம். நமக்குக் கடைசியில் வேண்டியது ஃபெரைட் மணி. அதற்குச் செல்லர்ஸும் பெய்னனும் கொடுத்த சூத்திரம்:

```
d_alpha = [1.4 + 5/sqrt(CR) + 22*(1 - exp(-0.015*d_gamma))]
          * (1 - 0.45*sqrt(eps_r))
```

d_gamma என்பது ஆஸ்டெனைட் மணி அளவு, CR என்பது நொடிக்கு எத்தனை டிகிரி ஆறுகிறது என்பது, eps_r என்பது உள்ளே மிச்சமிருக்கும் திரிபு. இது கார்பன்-மாங்கனீசு எஃகுக்கானது. நுண்கலப்பு எஃகில் இதை வரிசைப்படுத்த மட்டும் நம்புங்கள், சான்றிதழில் எழுத வேண்டாம். 20 மி.மீ. பிளேட் காற்றில் நொடிக்கு 1 டிகிரி போலவும், தண்ணீர்த் திரையில் 9 டிகிரி போலவும் ஆறுகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

லேசான பாஸ்களில் 40 மைக்ரானில் முடிந்த சாதாரண பிளேட், காற்றில் ஆறினால், 16 மைக்ரான். கனமான பாஸ்களோடு முதல் வழியில் கணக்கு 15 மைக்ரான் வரை காட்டும். வளர்ச்சியைச் சேர்த்து 20 என்று வைத்தால், காற்றில் 12, தண்ணீரில் 8.8 மைக்ரான். இரண்டாவது வழியில், ஆறப்போடும்போது மணி 30-க்கு வளர்ந்தது என்று கொண்டால், காற்றில் 7.1, தண்ணீரில் 5.4. மணி அளவையும் வலிமையையும் இணைக்கும் ஹால்-பெட்ச் கணக்கில் 12-லிருந்து 7.1-க்கு வருவது வலிமையில் 50 மெகாபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவான லாபம். தாக்கச் சோதனையின் மாறுநிலை வெப்பநிலை 30 டிகிரி போல இறங்கும். ஆனால் 8.8-க்கும் 7.1-க்கும் நடுவே 20 மெகாபாஸ்கல், 14 டிகிரிதான். தண்ணீர்த் திரை இருக்கும் மில்லில் முதல் வழி அவ்வளவு பின்தங்கவில்லை. அந்த 20 மெகாபாஸ்கலை வனேடியமே ஈடுகட்டிவிடும்.

விலை எங்கே என்றால் மில்லின் மேல். 3 மீட்டர் அகலப் பிளேட்டை 25-லிருந்து 21-க்குக் கொண்டுவரும் பாஸில் தொடுநீளம் 45 மி.மீ. 1000 டிகிரிக்கு அருகே எஃகின் எதிர்ப்பு 110 மெகாபாஸ்கல் என்றால் ரோல் விசை சுமார் 1,500 டன். 830 டிகிரியில், அழியாத திரிபும் சேர்ந்து எதிர்ப்பு 230-ஐத் தொடும், விசை 3,100 டன்னைத் தாண்டும். உராய்வும் ரோல் தட்டையாவதும் இதற்கு மேல். பழைய ஸ்டாண்டு வைத்திருப்பவர் இங்கேயே முடிவெடுத்துவிடலாம். அதைவிட வலிப்பது அந்த ஆறவைக்கும் நேரம். மில் சும்மா நிற்கும், அல்லது இரண்டு மூன்று பிளேட்டுகளை மாற்றி மாற்றி உருட்ட மேடை நீளம் வேண்டும்.

என்னைக் கேட்டால், 355 வகுப்பு, 20 மி.மீ., −20 டிகிரி தாக்கச் சோதனை, தண்ணீர்த் திரை உண்டு என்றால் டைட்டானியம்-வனேடியம் வழியைத்தான் எடுப்பேன். −40-க்குக் கீழே கேட்கும் குழாய்ப் பிளேட், அல்லது வெல்டிங்கிற்காகக் கார்பனை மிகக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றால் நையோபியம், வேறு பேச்சில்லை. தண்ணீர்த் திரை இல்லை, ஸ்டாண்டும் பலவீனம் என்றால் இரண்டுமே சரிப்படாது. உருட்டியபிறகு உலையில் வைத்து நார்மலைஸ் செய்வதே நேர்மையான வழி.

எதை எடுத்தாலும் எடுக்கக் கூடாத ஒன்று உண்டு, நடுவழி. ஷிப்ட் முடியப்போகிறது, அடுத்த ஸ்லாப் உலை வாயிலில் நிற்கிறது, 900-க்குக் காத்திருக்க வேண்டிய பிளேட்டை 960-இல் ரோலுக்குள் விடுகிறார்கள். Tnr 970 என்றுதானே கணக்குச் சொன்னது, கீழேதானே இருக்கிறோம் என்று வாதம் வேறு. Tnr ஒரு கோடு இல்லை, முளைவு குறையத் தொடங்கும் இடம். முழுதாக நிற்க அதற்கும் பல பத்து டிகிரி கீழே போக வேண்டும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் சில மணிகள் முளைக்கும், பக்கத்திலிருப்பவை முளைக்காது. முளைத்தது சிறியது. முளைக்காதது தட்டையாகி, திரிபையும் வைத்துக்கொண்டு பெரிதாகவே நிற்கும். ஆறிய பிளேட்டில் 6 மைக்ரான் கூட்டத்துக்கு நடுவே 25 மைக்ரான் மணிகள். சராசரி பார்த்தால் நன்றாகவே இருக்கும், இழுவைச் சோதனையும் தேறும். தாக்கச் சோதனையில் மூன்று துண்டில் இரண்டு 150 ஜூல் காட்டி மூன்றாவது 40-இல் விழுந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். விரிசல் சராசரியைத் தேடாது, பெரிய மணியைத் தேடும்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள மில்லின் பதிவேடே போதும். ஒவ்வொரு பாஸின் ரோல் விசையிலிருந்தும் சராசரி எதிர்ப்பைக் கணக்கிட்டு, 1000/T-க்கு எதிராகப் புள்ளி வையுங்கள். முளைவு முழுதாக நடக்கும் வரை புள்ளிகள் ஒரு சாய்வில் ஏறும், ஒவ்வொரு பாஸும் பழையதை மறந்துவிட்டுத் தொடங்குவதால். திரிபு சேரத் தொடங்கிய இடத்தில் கோடு செங்குத்தாக உடையும். அந்த உடைவுதான் உங்கள் மில்லின், உங்கள் இடைவேளை நேரத்தின் Tnr. சூத்திரம் சொல்வதிலிருந்து 30 டிகிரி தள்ளி இருந்தால் மில்லை நம்புங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் கடைசிப் பாஸ் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி உடனே தண்ணீரில் போட்டு, பிக்ரிக் அமிலக் கரைசலில் அரித்துப் பார்த்தால் பழைய ஆஸ்டெனைட் எல்லைகள் தெரியும். எல்லாம் வட்டமா, எல்லாம் தட்டையா, அல்லது கலப்படமா என்று கண்ணே சொல்லிவிடும்.

அதே வரைபடத்தில் சில சமயம் கடைசிப் புள்ளிகள் ஏறாமல் சரியும். பிளேட் மில்லில் அப்படி வந்தால் ஃபெரைட் பிறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், பைரோமீட்டரைப் பாருங்கள். ஸ்ட்ரிப் மில்லின் ஃபினிஷிங் ஸ்டாண்டுகளில் வந்தால் வேறு பொருளும் உண்டு, நாம் ஒதுக்கிவைத்த மூன்றாவது வழிக்கு அங்கேதான் இடம். அங்கே ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். முளைக்க நேரமில்லாமல் திரிபு அடுத்த ஸ்டாண்டுக்கு அப்படியே போகும், இரண்டு மூன்று ஸ்டாண்டில் சேர்ந்து தொடக்கத் திரிபைத் தாண்டும், ரோலுக்கு அடியிலேயே முளைவு கிளம்பும், விசை திடீரென்று குறையும். கம்பி உருட்டும் பிளாக்குகளில் வீதம் நொடிக்கு 1,000-ஐத் தொடும், இடைவெளி மில்லிநொடிகளில் இருக்கும். அங்கே Z-ஐ வைத்து மணியைத் தீர்மானிக்கலாம், வேகமும் வெப்பநிலையும் உண்மையிலேயே கையில் இருக்கும் திருகாணிகள். ஸ்ட்ரிப் மில்லில் பழகிய ஒருவர் பிளேட் மில்லுக்கு மாறி வந்து, மணியைச் சிறிதாக்க ரோல் வேகத்தைக் கூட்டச் சொன்னால், பாஸ் ஷெட்யூலைக் கொண்டுவரச் சொல்லி 12 சதவீதப் பாஸ்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக் காட்டுங்கள்.